சிறுகதை விவாதம்: தாயின் பென்சில் குறிப்புகளைப் பழைய புத்தகத்தில் மகள் கண்டெடுக்கும் கதை நம்பும்படி இருக்கிறதா?

செண்பகா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையின் போக்கை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். 1998ஆம் ஆண்டு, சென்னை திருவல்லிக்கேணி. அகிலா என்ற பதின்மூன்று வயதுப் பெண், பாரதி சாலையின் நடைபாதைக் கடையில், ஒரு வார இதழிலிருந்து தொடர்கதையைக் கிழித்தெடுத்து பைண்டு செய்த தொகுப்பு ஒன்றை வாங்குகிறாள். வீட்டுக்கு வந்து புரட்டும்போது, ஒவ்வொரு வாரத்துப் பகுதியின் முடிவிலும் பென்சிலால் சில வரிகள் எழுதியிருப்பதைக் காண்கிறாள். அது தன் தாயின் கையெழுத்து என்று உடனே தெரிந்துகொள்கிறாள். தாய் 1960இல் பிறந்தவர். அகிலாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது, 1989இல், இறந்துவிட்டார். தொடர்கதை வெளிவந்தது 1984 ஆகஸ்ட் முதல் 1985 மே வரை, அதாவது அகிலா வயிற்றில் இருந்த காலமும் பிறந்த பிறகு வந்த சில மாதங்களும். கடைசிப் பகுதியின் கீழே, தன் மகளை விளித்துத் தாய் எழுதிய நான்கு வரிகளோடு கதை முடிகிறது.

தற்செயல் மிகையாக இருக்கிறதா, குறிப்புகள் இயல்பாக இருக்கின்றனவா என்ற இரண்டையும் அறிய விரும்புகிறேன். மொழிநடையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கரிக்கோல் எழுதியது:

கரு நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பதினான்கு ஆண்டுகளில் பென்சில் எழுத்து மங்கிவிடும். அதுவும் செய்தித்தாள் போன்ற மலிவான தாளில் பெரும்பகுதி அழிந்தே போயிருக்கும். எனவே தாய் மையால் எழுதியதாக மாற்றிவிடுங்கள். மற்றொன்று, 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்பு பள்ளியில் படித்த தாய், யானைத் துதிக்கை போட்ட பழைய லை, ணை, னை ஆகியவற்றில் பழகியவர். மகள் புதிய வடிவத்தில் மட்டுமே பயின்றவள். இது கதைக்கு அருமையான ஆதாரம் ஆகும் என்று நினைத்தேன். ஆனால் 1984இல் எல்லோரும் புதிய எழுத்துக்கு மாறிவிட்டிருப்பார்கள் என்பதால் பயன்படாது.

ஊசிநூல் எழுதியது:

நான் பல ஆண்டுகள் பைண்டிங் தொழில் செய்து ஓய்வு பெற்றவன். கரிக்கோல் அவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி சரியில்லை. பென்சிலின் எழுதுபொருள் கிராஃபைட், அதாவது கரி. வெளிச்சத்தில் அது மங்காது, தண்ணீர் பட்டால் பரவாது. வார இதழ்களின் தாள் மையை உறிஞ்சும். பேனாவால் எழுதினால் எழுத்து கொழகொழவென்று பரவி மறுபக்கத்திலும் தெரியும். எனவே அந்தத் தாளில் எழுதும் பெண்மணி பென்சிலை எடுத்திருப்பதுதான் இயல்பு; மைக்கு மாற்றினால்தான் பொய்யாகும். பென்சில் எழுத்துக்கு வரும் கேடு மங்கல் அல்ல, உராய்வு. பக்கங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து, எதிர்ப்பக்கத்தில் எழுத்தின் தலைகீழ் நிழல் சாம்பல் நிறத்தில் படியும். எழுத்து தேய்ந்து போன இடத்திலும், அழுத்தி எழுதியிருந்தால் தாளில் பள்ளம் நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும்.

பழைய எழுத்து பற்றியும் ஒரு சொல். அரசாணை பாடநூலை மாற்றும். வளர்ந்தவர் கையை மாற்றாது. 1984இல் இருபத்து நான்கு வயதான ஒருவர் துதிக்கை லை எழுதியிருந்தால் நான் வியக்க மாட்டேன். எங்கள் கடைக்கு வந்த ரசீதுகளில் தொண்ணூறுகளிலும் அந்த லை வந்துகொண்டிருந்தது.

ஆனால் செண்பகா அவர்களே, உங்கள் கதையில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் குறிப்புகள் பைண்டு செய்வதற்கு முன்பு எழுதப்பட்டவை. வாரா வாரம் இதழ் வரும், படிப்பார், எழுதுவார், கிழித்து எடுத்துவைப்பார். தொடர் முடிந்த பிறகுதான் கட்டு எங்களிடம் வரும். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் அளவில் சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். கையால் கிழித்த ஓரமும் கோணலாக இருக்கும். எனவே எல்லாத் தாளையும் தட்டிச் சேர்த்து, முதுகுப் பக்கம் ஓட்டை போட்டு நூலால் தைத்து, அட்டை ஒட்டும் முன் மற்ற மூன்று ஓரங்களையும் கட்டிங் மிஷினில் வெட்டுவோம். இருப்பதிலேயே சிறிய தாளுக்கு ஏற்பத்தான் வெட்டு விழும். ஆகவே ஓரம் வரை எழுதிய குறிப்பின் கடைசி எழுத்துகள் தரையில் விழுந்து குப்பைக்குப் போயிருக்கும். உங்கள் கதையில் எல்லாக் குறிப்புகளும் முழுமையாக இருக்கின்றன. அது நடக்காது.

கோவைக் குமரன் எழுதியது:

நல்ல இழை. என்னிடமும் என் தந்தையின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. பக்கந்தோறும் பென்சிலால் விடை எழுதி வைத்திருக்கிறார். அவற்றை விற்கலாம் என்று எண்ணுகிறேன். தாளுக்குக் கேடு வராமல் பென்சில் எழுத்தை எப்படி அழிப்பது என்று ஊசிநூல் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

ஊசிநூல் எழுதியது:

குமரன் அவர்களே, இங்கே கேட்கப்படுவது அழிக்கும் வழி அல்ல என்றாலும் சொல்கிறேன். வழவழப்பான தாளாக இருந்தால் மென்மையான வெள்ளை ரப்பரால், முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் மடிந்து கிழியும். சொரசொரப்பான தாளில் ரப்பரை வைக்காதீர்கள், நார் எழும்பி நிற்கும். தந்தையார் கைப்பட எழுதியதை அழிப்பானேன் என்பது என் சொந்த எண்ணம்.

வடக்குவீதி எழுதியது:

நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். என் கேள்வி வேறு. நான்கு வயதில் தாயை இழந்த குழந்தைக்குத் தாயின் கையெழுத்து நினைவில் இருக்க வழியில்லை. அந்த வயதில் அவளுக்குப் படிக்கவே தெரியாது. எனவே ‘உடனே தெரிந்துகொள்கிறாள்’ என்ற சொற்றொடர் அங்கேயே உடைகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும். கடிதம் என்றால் எல்லோரும் எழுதுவது. நான் சலவைக் கணக்கு நோட்டை வைப்பேன். அந்நாளில் பல வீடுகளில் சலவைக்குப் போடும் துணியை எழுதி வைப்பார்கள்: வேட்டி 2, சேலை 3, தலையணை உறை 4 என்று. சேலையில் லை இருக்கிறது, தலையணையில் லையும் இருக்கிறது, ணையும் இருக்கிறது. அகிலா அந்த நோட்டைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கலாம். பாட்டி தூக்கி எறியாமல், பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் தன் கணக்கை எழுதிவந்திருக்கலாம்.

இதிலேயே ஒரு தடையும் இருக்கிறது. பாட்டியும் துதிக்கை லைதான் எழுதுவார். அந்த வடிவம் ஒரு தலைமுறையைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஆளைக் காட்ட வேறு ஒரு பழக்கம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியைச் சிறு வட்டமாகப் போடுபவர்கள் உண்டு. என் மாணவிகளிலேயே ஒவ்வோர் ஆண்டும் ஒருத்தி அப்படி எழுதுவாள், திருத்தினாலும் திருந்தாது. தாய்க்கு அதைக் கொடுக்கலாம்.

குறிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி: மகளை விளித்து எழுதும் அந்த நான்கு வரிகள் எனக்கு ஒப்பவில்லை. 1985இல் அவருக்கு இருபத்தைந்து வயது. தாம் இறக்கப் போவது அவருக்குத் தெரியாது. தொடர்கதையின் ஓரத்தில் எழுதுபவர் தமக்குத்தாமே பேசுவார், அல்லது கதைமாந்தரைத் திட்டுவார்.

பழையதாள் எழுதியது:

நடைபாதைக் கடைகளில் பைண்டு தொகுப்புகளை நெடுங்காலமாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் தற்செயலைப் பற்றிச் சொல்கிறேன். என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் கதைக்காக வாங்குவதில்லை. கோபுலு, ஜெயராஜ் போன்றோரின் ஓவியங்கள் புத்தகமாக அச்சாகும்போது விடுபட்டுவிடும் என்பதற்காக வாங்குகிறோம்.

ஒரு தொகுப்பு வீட்டைவிட்டு எப்படி வெளியேறுகிறது என்று பாருங்கள். வீடு மாறும்போது பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போகும். அட்டை கட்டியதை அவர் அரவைக்கு அனுப்ப மாட்டார், தனியே எடுத்து வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பார். 1989இல் அப்படி வாங்கக்கூடியவர் அந்தப் பகுதியிலேயே வாடகை நூலகம் நடத்தியவர்தான். பைண்டு செய்த தொடர்கதைகளுக்கு அங்கே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சித் தொடர்கள் வீடுகளைப் பிடித்துக்கொண்ட தொண்ணூறுகளில் அத்தகைய நூலகங்கள் பல மூடப்பட்டு, இருப்பு மொத்தமாக நடைபாதைக்கு வந்தது. ஆகவே உங்கள் தொகுப்பு ஊரெல்லாம் சுற்றி அதிசயமாகத் திரும்பவில்லை; ஒன்பது ஆண்டுகளில் நாலைந்து தெருக்களைத்தான் கடந்திருக்கிறது. முதல் பக்கத்திலும் நடுவில் ஓரிரு பக்கங்களிலும் நூலகத்தின் ரப்பர் முத்திரையை வைத்துவிடுங்கள், வாசகர் தாமே புரிந்துகொள்வார்.

ஆனால் வாடகை நூலகம் வந்துவிட்டால், அதைப் படித்த மற்றவர்களும் எழுதியிருப்பார்கள். ‘போர்’, ‘சூப்பர்’, ‘கதாசிரியருக்கு மூளை இல்லை’ என்றெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். தாயின் குறிப்பை அவற்றிலிருந்து அகிலா எப்படிப் பிரித்தறிவாள்?

ஊசிநூல் எழுதியது:

பழையதாள் அவர்களின் கேள்விக்கு வெட்டுதான் விடை. இதழை வாங்கிய வீட்டார் வெட்டுக்கு முன்பு எழுதினார்கள். நூலகத்தில் எடுத்துப் படித்தவர்கள் வெட்டுக்குப் பின்பு எழுதினார்கள். பின்னால் எழுதியவர் ஓரத்தைப் பார்த்து எழுத்தை நெருக்கியிருப்பார் அல்லது அடுத்த வரிக்குப் போயிருப்பார். அவருடைய எழுத்து முழுதாக நிற்கும். ஓரத்தில் எழுத்து அறுபட்டிருந்தால், எழுதியவர் இதழின் சொந்தக்காரர் வீட்டில் இருந்தவர். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் இதைத் தானே கண்டுபிடிக்கலாம், எந்தத் தொழிலறிவும் தேவையில்லை.

தையலும் இப்படித்தான். முதுகிலிருந்து ஏறக்குறைய அரை அங்குலம் உள்ளே ஊசி இறங்கும். அந்த உள் ஓரத்தில் எழுதியது தைத்த பிறகு மடிப்புக்குள் போய்விடும், புத்தகம் முழுதாக விரியாது. ஆனால் அது அழியவில்லை. முதுகுத் துணியை நனைத்து உரித்து, நூலை அறுத்தால் படித்துவிடலாம். பசை மைதாப் பசைதான், பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்திருப்போம், நனைத்தால் இளகும். வெளி ஓரத்தில் போனது போனதுதான். உள் ஓரத்தில் இருப்பதைத் திரும்பப் பெறலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதழின் தேதி பக்கத்தின் அடியில் அச்சாகியிருந்தால், அடி வெட்டில் சில வாரங்களின் தேதி போயிருக்கும். அத்தியாய எண்ணை வைத்து அகிலா எண்ணிக்கொள்ளட்டும்.

செண்பகா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளை விளிக்கும் வரிகளை நீக்கிவிட்டேன். சலவை நோட்டு, வட்டப் புள்ளி, நூலக முத்திரை மூன்றையும் எடுத்துக்கொண்டேன். குறிப்புகளுக்கு ஒரு காரணமும் கிடைத்தது: அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தாயும் தந்தையும் வாரம் ஒரு ரூபாய் பந்தயம் கட்டுகிறார்கள். தந்தை உயிருடன் இருக்கிறார், ஆனால் தாயைப் பற்றிப் பேசாதவர். திருத்திய பகுதி:

‘இருபத்து மூன்றாம் அத்தியாயத்தின் கீழே, “இந்த வாரமும் அவர் சொன்னதுதான் சரி. ஒரு ரூபாய் போயிற்று” என்று இருந்தது. இருபத்து நான்காவதில், “டாக்டர்தான் கடிதத்தை ஒளித்தார் என்று நான் அப்போதே சொன்னேனே” என்று இருந்தது. அகிலா இருபத்தைந்தாவதைப் படிக்காமலேயே தன் ஊகத்தைச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் மேல் தவறில்லை என்று அடுத்த பக்கத்தில் தெரிந்தபோது, தாயும் தானும் சேர்ந்து தோற்றதுபோல் இருந்தது. இருபத்தாறாவது, வலப்பக்கம். கதை பாதிப் பக்கத்தில் முடிந்திருந்தது. அச்சு முடிந்த இடத்திலிருந்து ஓரம் வரை ஒரே வரி: “பெண் பிறந்தால் வசந்தி என்றே பெயர் வைக்க வேண்”. அதற்கு மேல் தாள் இல்லை.’

வசந்தி என்பது தொடர்கதையின் நாயகி பெயர். அந்த அத்தியாயம் 1985 ஜனவரி இறுதியில் வெளிவந்தது. அகிலா பிப்ரவரியில் பிறந்தாள். அந்தச் சொல் ‘வேண்டும்’ ஆகவும் இருக்கலாம், ‘வேண்டாம்’ ஆகவும் இருக்கலாம்.

கரிக்கோல் எழுதியது:

பத்தி நன்றாக இருக்கிறது, ஆனால் வெட்டு இவ்வளவு துல்லியமாக, சரியாக ‘வேண்’ என்பதோடு நிற்பது எழுத்தாளரின் கைவேலையாகத் தெரிகிறது. மேலும் ‘என்றே’ என்று எழுதியவர் ‘வேண்டாம்’ என்று முடித்திருக்க மாட்டார். அந்த ஏகாரம் விடையைக் கொடுத்துவிடுகிறது.

வடக்குவீதி எழுதியது:

கரிக்கோல் அவர்கள் ஏகாரத்தைப் பிடித்தது சரி. ‘வசந்தி என்று’ என எழுதினால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். துல்லியத்தைப் பற்றிய கவலை எனக்கு இல்லை, ஏனென்றால் இதற்கு முன்பே வேறு குறிப்புகளில் வெட்டு காரணமின்றி விழுந்திருந்தால் வாசகருக்கு அது பழகியிருக்கும். ‘ஒரு ரூபாய் போயிற்’ என்றும், ‘அப்போதே சொன்னே’ என்றும் நிறுத்துங்கள். ஒரு குறிப்பில் ஓர் எழுத்து, மற்றொன்றில் மூன்று என்று ஏற்ற இறக்கமாகப் போகட்டும். இப்போது உங்கள் பத்தியில் முக்கியமான குறிப்பு மட்டும் அறுபட்டு, மற்றவை முழுமையாக நிற்கின்றன. கைவேலை தெரிவது அதனால்தான். தமிழ் வாக்கியத்தில் ஆம், இல்லை எல்லாம் கடைசிச் சொல்லில் இருக்கின்றன என்பதால், வலப்பக்கத்து வெட்டு எதை எடுத்தாலும் பொருளைத்தான் எடுக்கும். இடப்பக்கத்துக் குறிப்புகளில் வரியின் தொடக்கம் போகும். அங்கே அகிலா எளிதாக ஊகித்து நிரப்பிவிடலாம். அந்த வேறுபாட்டையும் காட்டுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

வெட்டு அளவைப் பற்றி: சாதாரணமாக மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் போகும். ஓரத்தை நெருங்கும்போது கை எழுத்தைச் சிறிதாக்கும் என்பதால் இரண்டு எழுத்து போவது பொருத்தமே. இன்னும் நெருக்கமாக வேண்டுமானால், ‘ட’வின் செங்குத்துக் கோடு மட்டும் வெட்டு விளிம்பில் தெரிவதாக வைக்கலாம். டு என்றாலும் டா என்றாலும் தொடக்கம் அந்தக் கோடுதான். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளம் தேடினாலும் பயன் இராது, ஏனென்றால் தாளே அங்கு இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் படிந்த நிழல் இருக்குமோ என்று கேட்பவருக்கு: எதிர்ப்பக்கமும் அதே வெட்டில் போயிருக்கும்.

பழையதாள் எழுதியது:

வார இதழில் இருபத்தாறாம் அத்தியாயத்துக்கு அடியில் ஒரே ஒரு குறிப்புத்தான் இருக்க வேண்டுமா? பந்தயம் கட்டிய தந்தையும் அதில் எழுதியிருக்கலாம். குழந்தை பிறந்த வாரத்தில் தாய் எழுதாத இடத்தில், தந்தையின் கையில், ‘இந்த வாரம் பந்தயம் இல்லை’ என்று ஒரு வரி வந்தால் நான் கண்ணீர் விடுவேன்.

செண்பகா எழுதியது:

அதை எழுதிப் பார்த்தேன், நீக்கிவிட்டேன். வாசகர் கண்ணீர் விட வேண்டிய இடம் இதுதான் என்று கைகாட்டுவது போல் இருந்தது. பிறந்த வாரமும் அடுத்த சில வாரங்களும் வெறுமையாக இருக்கட்டும். பிறகு பென்சில் எழுத்து மீண்டும் பந்தயக் கணக்கிலேயே தொடங்கட்டும். ‘என்றே’ என்பதை ‘என்று’ ஆக்கிவிட்டேன்.

எனக்கு முடிவில்தான் தயக்கம். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில் ஒரு குறிப்பு உள் ஓரத்தில் தொடங்கி மடிப்புக்குள் போகிறது. ‘பெயர்’ என்ற சொல் மட்டும் வெளியே தெரிகிறது. நூலை அறுத்தால் விடை கிடைக்கக்கூடும். தாய் பைண்டு செய்யக் கொடுத்து வாங்கிய புத்தகத்தை அகிலா அறுப்பாளா?

கரிக்கோல் எழுதியது:

அறுக்கக் கூடாது. அறுத்தால் கதை துப்பறியும் கதையாகிவிடும். தந்தையிடம் கேட்கட்டும், அவர் பதில் சொல்லாமல் எழுந்து போகட்டும்.

வடக்குவீதி எழுதியது:

எழுந்து போகும் தந்தைகளை நம் சிறுகதைகளில் நிறையப் பார்த்துவிட்டோம். அவர் சொல்லட்டும், ஆனால் நம்பத்தகாதபடி சொல்லட்டும். ‘வசந்தி என்று வைக்கத்தான் சொன்னாள், பாட்டி கேட்கவில்லை’ என்று அவர் சொன்னால், அது உண்மையா, தாய்க்கு ஒரு விருப்பம் இருந்தது என்று மகளுக்குக் கொடுப்பதற்காகச் சொன்னதா என்று தெரியாது. பாட்டியைக் கேட்டால் வேறு கதை வரும். அதன் பிறகு மடிப்புக்குள் இருக்கும் குறிப்புக்கு எடை கூடும்.

ஊசிநூல் எழுதியது:

அறுப்பது என்றால் அழிப்பது என்று கரிக்கோல் அவர்கள் எண்ணுவதாகத் தோன்றுகிறது. பதினான்கு ஆண்டுத் தாள் பழுத்திருக்கும், ஆனால் பக்குவமாகக் கையாண்டால் தாங்கும். ஒரு பைண்டர் நூலை அறுத்து, படித்து முடித்ததும் பழைய ஓட்டைகளிலேயே மீண்டும் தைத்துக் கொடுத்துவிடுவார். அந்த வட்டாரத்தில் தொகுப்பைக் கட்டிய பைண்டரே உயிருடன் இருக்கலாம். நான் என்றால் என் தையலை நானே அடையாளம் கண்டுகொள்வேன். மறுபடி தைக்கும்போது ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று அகிலா தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடைப்பையன் பழக்கத்தில் மிஷினில் வைத்துவிடுவான்.

கரிக்கோல் எழுதியது:

திரும்பத் தைக்க முடியும் என்றால் அவள் தயங்குவதற்குக் காரணமே இல்லையே. அப்படியானால் கதையில் எது முடிச்சு?

செண்பகா எழுதியது:

படித்துவிட்டால், ‘வேண்’ என்பதற்கு இரண்டு பொருள் இராது என்பதுதான் முடிச்சு என்று நினைக்கிறேன். பைண்டர் கடைக் காட்சியை எழுதிப் பார்க்கிறேன். ஊசிநூல் ஐயா, முதுகுத் துணி இளக எவ்வளவு நேரம் ஈரத்தில் வைக்க வேண்டும் என்றும், அந்த நேரத்தில் வாடிக்கையாளரைக் கடையில் உட்கார வைப்பீர்களா, நாளை வரச் சொல்வீர்களா என்றும் சொல்லுங்கள். அவள் அங்கே உட்கார்ந்திருந்தால் காட்சி ஒன்று, மறுநாள் வந்தால் காட்சி வேறு.

ஊசிநூல் எழுதியது:

ஈரத்துணியைப் போட்டு வைத்தால் கால்மணி, அரைமணி நேரத்தில் இளகும், தண்ணீர் தாளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பெண் தனியாக வந்தால் நான் நாளை வா என்றுதான் சொல்வேன். ஆனால் நூலை அறுத்தவுடன் முதலில் படிக்கப் போவது நான்தான் என்பதை நீங்கள் யோசித்தீர்களா?